நிறுத்தினாலும் போகாத மாத்திரை

பெரும்பாலான மாத்திரைகள் வந்த வழியே போய்விடும். தலைவலிக்குப் போட்ட பாராசிட்டமால் ஒரு நாளுக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடும். இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறியவர்களுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் அமியோடரோன் அப்படிப்பட்டதல்ல. அது கொழுப்பில் கரையும் மருந்து. ரத்தத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, கொழுப்பு, கல்லீரல், நுரையீரல், தைராய்டு, கண் என்று உடம்பின் மூலைமுடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீண்ட நாள் சாப்பிட்டவர் ஒருநாள் நிறுத்தினால், சேர்ந்திருப்பதில் பாதி கரையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். சிலருக்கு நான்கு மாதம்கூட ஆகலாம். மிச்சப் பாதியில் பாதி கரைய மறுபடியும் அத்தனை காலம்.

இந்த மருந்தின் நன்மை, தொல்லை இரண்டுமே இந்தக் குணத்திலிருந்து வருபவைதான். இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் அத்தனை பரிசோதனைகள், அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் இதைப் புரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

மருந்தின் பூர்வீகம் எகிப்து. அங்கே கெல்லா என்ற செடியின் விதையைச் சிறுநீர்க்கல் வலிக்கு நாட்டு வைத்தியத்தில் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்து எடுத்த சரக்கு மார்வலியையும் தணிக்கிறது என்று 1940-களில் கெய்ரோவில் பணிபுரிந்த உடலியல் அறிஞர் அன்ரெப் கவனித்தார். அந்த மூலக்கூறின் சாயலில் புதியவற்றைச் செய்துபார்த்த பெல்ஜியத்தின் லபாஸ் நிறுவனம் 1961-ல் அமியோடரோனை உருவாக்கியது. அப்போதும் அது மார்வலி மருந்துதான். 1970-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரமா சிங், இது துடிப்பின் ஒழுங்கீனத்தை அடக்குகிறது என்று காட்டிய பிறகுதான் அதற்கு இரண்டாவது பிறவி கிடைத்தது. இன்றைக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும், உயிருக்கே உலை வைக்கும் கீழறைத் துடிப்புக் கோளாறுகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். பலவீனமான இதயம் உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடிய துடிப்பு மருந்துகள் குறைவு. அந்தச் சிலவற்றில் இது முக்கியமானது. இத்தனை தொல்லைகள் தெரிந்தும் டாக்டர்கள் இதைக் கைவிடாததற்குக் காரணம் அதுதான்.

அந்த மூலக்கூறில் இரண்டு அயோடின் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின்தான். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறேழு மில்லிகிராம், ஒவ்வொரு நாளும் உடம்புக்குள் தனியாகக் கழன்று வருகிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 0.15 மில்லிகிராம் மட்டுமே. நம் சமையலறைக் கணக்கில் சொல்வதானால், கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உப்பிலிருந்து ஆறு மில்லிகிராம் அயோடின் வேண்டுமென்றால் ஒரே நாளில் நானூறு கிராம் உப்பைத் தின்ன வேண்டும். அயோடினை வைத்துத்தான் தைராய்டு தன் வேலையைச் செய்கிறது. தினமும் இவ்வளவு வந்து கொட்டினால் அது நிலைகுலையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி ஒருவரோடு நடந்துபார்ப்போம். இவர் தனி ஒரு நோயாளி அல்லர். இதய மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் சம்பவங்களைக் கோத்து நான் உருவாக்கிய ஆள். 66 வயது, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். மற்ற மருந்துகள் சரிப்படாததால் அமியோடரோன் ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் தினம் மூன்று மாத்திரை, அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் ஒன்று. தொடக்கத்தில் இப்படித் தூக்கலாகக் கொடுப்பதன் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். உடம்பின் கிடங்குகள் நிரம்பும்வரை இதயத்துக்குப் போதுமான மருந்து மிஞ்சாது.

முதல் மாத்திரையைப் போடுமுன் அவருடைய டாக்டர் சில சோதனைகளுக்கு எழுதித்தந்தார். தைராய்டுக்கு டிஎஸ்எச், டி4. கல்லீரலுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி. ரத்தத்தில் பொட்டாசியம். ஓர் ஈசிஜி, ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை. கண்ணில் ஏற்கெனவே குறை இருந்ததால் கண் டாக்டரிடம் ஒருமுறை. "ஒண்ணும் தொந்தரவு இல்லாதப்ப எதுக்கு சார் இத்தனை டெஸ்ட்டு?" என்று கேட்டார் ஓட்டுநர். "தொந்தரவு வந்தப்புறம் எடுத்தா, அது மருந்தால வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு எனக்கே தெரியாதுங்க ஐயா" என்றார் டாக்டர். இந்த ஒரு வரியின் அருமை பின்னால் மூன்று இடங்களில் தெரியப்போகிறது. அசிட்ரோம் அளவையும் அவர் குறைத்தார். அமியோடரோன் அந்த மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைத் தடுத்துவிடும், பழைய அளவே தொடர்ந்தால் ரத்தக்கசிவு வரும். ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையை முதல் மாதங்களில் அடிக்கடி பார்த்து, ஒருவழியாக 2.4-ல் நிலைநிறுத்தினார்கள்.

ஆறாவது வாரம் முதல் குழப்பம் வந்தது. சர்க்கரைக்காக ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் தள்ளுபடி பேக்கேஜில் தைராய்டும் பார்த்துவிட்டார்கள். டிஎஸ்எச் 8.2. இயல்பின் மேல் எல்லை நாலரை அளவில் இருக்கும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து. மகள் பதறிவிட்டாள். "அப்பா, தைராய்டு கம்மியாம். மாத்திரை ஆரம்பிக்கணும்னு மெடிக்கல்ல சொல்றாங்க."

ஆரம்பிக்கக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற சரக்கைத்தான் உற்பத்தி செய்கிறது. அது பச்சரிசி மாதிரி, அப்படியே சாப்பிட முடியாது. உடம்பின் திசுக்கள் அதை டி3 ஆக மாற்றினால்தான் வேலைக்கு ஆகும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை அமியோடரோன் பிடித்து நிறுத்திவிடுகிறது. டி4 தேங்குகிறது, டி3 குறைகிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, தனக்கு டி3 போதவில்லை என்று நினைத்து டிஎஸ்எச்-ஐக் கூட்டி, சுரப்பியை "இன்னும் செய்" என்று விரட்டுகிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்எச் கொஞ்சம் ஏறியிருப்பது நோயல்ல, உடம்பு புது நிலைமைக்குப் பழகும் தடம். ஓட்டுநரின் டி4 குறையவில்லை, மேல் எல்லையை ஒட்டியே இருந்தது. உண்மையில் தைராய்டு குறைந்தவருக்கு டி4 கீழே போயிருக்கும். தொடக்கத்தில் எடுத்த டிஎஸ்எச் 2.1 என்று கையில் இருந்ததால், முன்பு கோளாறு ஏதும் இல்லை என்பதும் தெளிவு. நான்காம் மாதம் மறுபடி பார்த்தபோது 3.4-க்கு இறங்கியிருந்தது. பெரும்பாலான வழிமுறைகள் தொடக்கத்துக்குப் பிறகான தைராய்டு சோதனையை மூன்று மாதம் கழித்தோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவசரப்பட்டுப் பார்த்தால் பேய் தெரியும்.

உண்மையான தைராய்டு குறைவும் வரும். உணவில் அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் அதுதான் அதிகம் காணப்படும் கோளாறு. அயோடின் உப்பு பரவலாகிவிட்ட நம் பக்கமும் அதில் சேர்த்தி. அளவுக்கு மீறி அயோடின் வந்தால் தைராய்டு தற்காப்புக்காகக் கொஞ்ச காலம் கடையைச் சாத்தும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் மறுபடி திறந்துவிடும். ஏற்கெனவே தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளவர்களின் சுரப்பி, குறிப்பாகப் பெண்களுடையது, திறக்காமலே போய்விடும். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் உப்பல். வயதானவர்களிடம் இதையெல்லாம் வயோதிகம் என்று தள்ளிவிடுவார்கள். வைத்தியம் எளிது. தைராக்சின் மாத்திரை கொடுத்துவிட்டு அமியோடரோனைத் தொடரலாம்.

எதிர்ப்பக்கக் கோளாறுதான் கபடமானது. நம் ஓட்டுநருக்கு இருபதாவது மாதத்தில் வந்தது அது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியிருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சாப்பாடு குறையவில்லை. கை லேசாக நடுங்கியது. தைராய்டு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும் என்று ஊருக்கே தெரியும். இவருக்குப் படபடப்பே இல்லை, நாடி 72. காரணம், அமியோடரோனே துடிப்பை அடக்கிவைத்திருக்கிறது. வீட்டில் புகை மணி அடிக்காமல் அதன் வாயில் துணி அடைத்ததுபோல. காட்டிக்கொடுத்தது வேறொன்று. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். ஐஎன்ஆர் பார்த்தால் 5.1. அசிட்ரோம் அளவை யாரும் மாற்றவில்லை, புது மருந்தும் எதுவும் சேரவில்லை. தைராய்டு மிகும்போது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் உடம்பில் வேகமாகச் சிதையும், அதனால் அதே அளவு அசிட்ரோம் இரட்டிப்பாக வேலை செய்யும். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆடாமல் இருந்த ஐஎன்ஆர் காரணமில்லாமல் துள்ளினால், அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கு அன்றே தைராய்டு பார்க்க வேண்டும். அடங்கியிருந்த துடிப்புக் கோளாறு திடீரென்று திரும்பி வந்தாலும் அப்படியே.

டிஎஸ்எச் 0.01-க்கும் கீழே. டி4, டி3 இரண்டும் உயரத்தில். இதில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தில், முன்பே கழலையோ கட்டிகளோ இருந்த சுரப்பி, கிடைத்த அயோடினை எல்லாம் வைத்து மும்முரமாக உற்பத்தி செய்கிறது. இரண்டாம் ரகத்தில் சுரப்பி ஒன்றும் உற்பத்தி செய்யவில்லை. மருந்தின் நச்சால் அதன் திசு உடைந்து, சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது. ஒன்று ஆலை ஓயாமல் ஓடுவது, மற்றது கிடங்கு இடிந்து சரக்கு தெருவில் சிதறுவது. வைத்தியமும் வேறு வேறு. ஆலையை நிறுத்த கார்பிமசோல் போன்ற மருந்து வேண்டும். இடிந்த கிடங்குக்கு அதைக் கொடுத்துப் பயனில்லை, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு வேண்டும். பிரித்தறிய உதவுவது கழுத்தில் செய்யும் டாப்ளர் ஸ்கேன். ஓடும் ஆலையில் ரத்த ஓட்டம் கொப்பளிக்கும், இடிந்ததில் அடங்கியிருக்கும். ஓட்டுநருக்கு ஓட்டம் மந்தம், கட்டியும் இல்லை. இரண்டாம் ரகம் என்று முடிவு செய்து பிரெட்னிசலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாக இறக்கினார்கள். எல்லோருக்கும் இவ்வளவு பளிச்சென்று பிரியாது. இரண்டும் கலந்த ரகமும் உண்டு. அப்போது இரண்டு மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

அமியோடரோனை உடனே நிறுத்த வேண்டாமா? இதை நோயாளி வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. இதய டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உள்ளே இருக்கப்போகிறது, ஆகவே தைராய்டுக்கு இன்றைக்கே நிம்மதி கிடைக்காது. துடிப்பை அடக்கும் கை மட்டும் மெல்ல விலகத் தொடங்கும், அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்த படபடப்பு தலைதூக்கலாம். ஓட்டுநருக்கு வேறு வழிகள் இருந்ததால், மெதுவாக நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள்.

நுரையீரலின் கதைக்கு வேறொருவரிடம் போக வேண்டும். இவரும் கோத்து உருவாக்கியவர்தான். 71 வயது அம்மா, முன்பு மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனம். ஒன்றரை வருஷமாக அமியோடரோன். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் இரைப்பு, லேசான காய்ச்சல். முதலில் பார்த்த டாக்டர், பலவீன இதயத்தால் நுரையீரலில் நீர் தேங்கியிருக்கும் என்று நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினார். நீர் பிரிந்தது, கால் வீக்கமும் வற்றியது, இரைப்பு மட்டும் வற்றவில்லை. அடுத்து சளி என்று ஆன்டிபயாடிக். அதற்கும் அசையவில்லை. நம் ஊரில் நாள்பட்ட இருமல், காய்ச்சல், எடை இறக்கம் என்றால் டிபி நினைவுக்கு வராமல் இராது. சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. ஆறு வாரம் போயிருந்தது.

இந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படுவது நூற்றில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை என்று சொல்வார்கள். தினம் நானூறு மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்த பழைய நாள்களில் அதிகமாகவே இருந்தது. குறைந்த அளவிலும் வருகிறது, ஆனால் அரிதாக. அறுபது தாண்டியவர்கள், முன்பே நுரையீரல் நோய் உள்ளவர்கள், ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். தைராய்டுக் கோளாறைத் திருத்திவிடலாம். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டால் அது மாறாது. உயிரைப் பறிப்பதும் இதுவே. அதனால்தான் எல்லாப் பக்கவிளைவுகளிலும் டாக்டர்கள் இதற்கு அதிகம் பயப்படுகிறார்கள்.

தொல்லை என்னவென்றால், இதற்கென்று தனி அடையாளச் சோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் வந்துசேர வேண்டும். அந்த அம்மாவின் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக வெளுப்பு. அது புதிதா, பழசா? ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய படம் எங்கே என்று கேட்டால், மருந்து ஆரம்பிக்கும்போது எடுக்கவே இல்லை. மாரடைப்பின்போது எடுத்த ஃபிலிம் வீடு மாறியபோது குப்பையோடு போய்விட்டது. நுண் பிரிவுகளாக எடுக்கும் சிடி ஸ்கேனில் நுரையீரல் திட்டுகளும் கல்லீரலும் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தன. திசுக்களில் ஏறியிருக்கும் அயோடின் எக்ஸ்ரே கதிரை மறிப்பதால் வரும் வெளுப்பு அது. ஆனால் அது மருந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி, கெடுத்துவிட்டது என்பதற்கு அல்ல. நலமாக இருப்பவருக்கும் கல்லீரல் அப்படித் தெரியலாம்.

பயன்பட்டது டிஎல்சிஓ என்ற சோதனை. மிக மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்து, பத்து விநாடி மூச்சை நிறுத்தி, வெளியே விடச் சொல்வார்கள். உள்ளே போனதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்று கணக்கிட்டால், காற்றுப்பையின் சுவர் வாயுவை எந்த அளவுக்குக் கடத்துகிறது என்று தெரியும். வெறுமனே ஊதும் சோதனை குழாய்களின் நலத்தைச் சொல்லும், இது சுவர்களின் நலத்தைச் சொல்லும். அமியோடரோன் தாக்குவது சுவரைத்தான். அம்மாவுக்கு அவர் வயதுக்கு இருக்க வேண்டியதில் 56 சதவீதம். தொடக்கத்தில் 78 ஆக இருந்து இப்போது 56 என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. பதினைந்து, இருபது சதவீதம் விழுந்தாலே எச்சரிக்கை மணிதான். தொடக்க எண் இல்லாததால், ஐம்பத்தாறு என்பது அவருடைய பழைய பலவீனமா, புது நோயா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு வாரம் மேலும் போனது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அமியோடரோனை நிறுத்தி, பிரெட்னிசலோன் தொடங்கினார்கள்.

இங்கேயும் மருந்தின் தங்கும் குணம் குறுக்கே வரும். சாதாரண ஒவ்வாமைக்குப் போல இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்தினால், நுரையீரலில் இன்னும் இருக்கும் மருந்து மறுபடி வீக்கத்தைக் கிளப்பிவிடும். அதனால் பல மாதம் நீட்டி, அங்குலம் அங்குலமாக இறக்குவார்கள். அந்த அம்மாவுக்கு மூன்றாம் வாரம் இரைப்பு குறைந்தது, ஸ்டீராய்டோ எட்டு மாதம் ஓடியது. நடுவில் "சரியாயிடுச்சே" என்று தானாக நிறுத்தி, மறுபடி மூச்சுத் திணறி வருபவர்கள் உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது வழக்கம். அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது என்றே நான் சொல்வேன். இந்த ஜனவரியில் சுத்தமாக இருந்த படம், ஏப்ரலில் வரும் நோயைத் தடுக்காது. சில வாரங்களிலேயே முற்றுகிற ரகமும் உண்டு. டிஎல்சிஓ-வை அறிகுறி இல்லாமலும் ஆண்டுதோறும் எடுப்பதால் பலன் உண்டா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல், நோயாளியின் மூச்சே முதல் சோதனைக்கருவி. போன மாதம் நிற்காமல் ஏறிய படியில் இந்த மாதம் நடுவே நின்றால், அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். வேறு எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் அமியோடரோன் பெயரைச் சொல்ல வேண்டும். பெரிய அறுவைக்குப் பிறகு இவர்களின் நுரையீரல் திடீரென்று மோசமாகும் வாய்ப்பு உண்டு, அதிகச் செறிவில் ஆக்சிஜன் கொடுப்பதும் அதில் பங்கு வகிக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஓட்டுநரிடம் திரும்புவோம். அவர் இன்னும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம், எட்டாவது மாதம். இரவில் பைக்கில் போகும்போது எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. முப்பது வருஷம் இரவு வண்டி ஓட்டியவர், விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கண் டாக்டர் பிளவு ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பாதியில் பொன்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள், பூனையின் மீசைபோல ஒரு புள்ளியிலிருந்து சுழன்று விரிந்திருந்தன. மருந்து கண்ணீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் வந்து கருவிழியின் மேல்தோலில் படிந்த தடம் அது. நீண்ட நாள் சாப்பிடும் ஏறக்குறைய எல்லோருக்கும் இது வரும். பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு மட்டும் இரவில் வளையமோ, கூச்சமோ. இதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தினால் சில மாதங்களில் தானாக மறைந்துவிடும்.

இந்தச் சாதுவான படிவைப் பார்த்துப் பழகியதாலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. கண்ணைப் பற்றி எந்தப் புகார் வந்தாலும் "அது மருந்துப் படிவு, ஒன்றும் செய்யாது" என்று தள்ளிவிடுவது. அல்லது அந்த வயதில் எல்லோருக்கும் வரும் கண்புரை என்று முகாம் தேதிக்குக் காத்திருப்பது. அரிதாகச் சிலருக்குக் கண்ணின் பின்புறம் பார்வை நரம்பே வீங்கும். இதில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியாது. பார்வையே மங்கும், அல்லது ஒரு ஓரம் இருண்டுபோகும், நிறங்கள் வெளிறும். பல வாரங்களில் மெல்ல வரும். இரண்டு கண்ணையும் பாதிப்பது வழக்கம், சிலருக்கு நிரந்தரமாகவும் இருந்துவிடும். மேல்தோலில் உள்ள கோடு கண்ணாடி ஜன்னலில் படிந்த தூசி என்றால், இது வீட்டுக்கு வரும் மின்கம்பியில் உள்ள பழுது. இந்த வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, மருந்து இல்லாமலே பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து இதேபோல வரும். அது பெரும்பாலும் திடீரென்று, ஒரு கண்ணில் வரும். எப்படியிருந்தாலும் பிரித்துச் சொல்வது நோயாளியின் வேலை அல்ல. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரின் தேதிகளைப் பார்ப்பது, பிறகு மற்ற கண்ணை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். மாற்றம் தெரிந்தால் அந்த வாரமே பாப்பாவை விரித்து விழித்திரையும் நரம்பும் பார்க்கும் சோதனை, பார்வைப் பரப்புச் சோதனை இரண்டும் ஆக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லீரல் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நொதிகள் இயல்பின் இரண்டு, மூன்று மடங்கைத் தாண்டினால் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று யோசிப்பார்கள். ஈசிஜி ஆண்டுக்கு ஒருமுறையாவது. வெயிலில் தோல் எளிதில் பொசுங்கும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் உதவும். பல வருஷம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு முகத்தில் நீலச்சாம்பல் சாயல் வரும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின், இதயத்துக்கு டிஜாக்சின் எழுதும் டாக்டரிடம் இந்த மருந்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, இரண்டின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் மருந்தை நிறுத்தி ஒன்பது மாதம் ஆயிற்று. தைராய்டு இடிந்து கொட்டி முடித்தபின் சுரப்பி சிலருக்குச் சோம்பிப்போகும். அதனால் நிறுத்தியபின் ஓராண்டு வரையாவது சோதனை தொடர வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைப் பிரித்தபடி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"தாத்தா, இப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அசிட்ரோம் ஒண்ணு. போன வருஷம் நிறுத்தின அமியோடரோன் ஒண்ணு இருக்கும்மா. அதையும் எழுதிக்க."

"நிறுத்தினதை எதுக்கு எழுதணும்?"

"அது இன்னும் போகலைம்மா" என்று சட்டைக்கையை மேலே சுருட்டினார். டிஎஸ்எச் அன்றைக்கு 14 வந்தது, டி4 கீழே. இந்த முறை அது பேய் அல்ல.